அது ஆசிட் இல்லை: ஒரு கேம் போர்டும் சோடா உப்பும்

இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது போர்டு. நான்கிலும் ஒரே கதை. மூலையில் பச்சை பூத்துப்போன ஒரு உருளை பேட்டரி, அதைச் சுற்றிக் கறுத்துப்போன செம்புக் கோடுகள், அதன் மேல் யாரோ குழைத்துப் பூசி அப்படியே காயவிட்ட சோடா உப்பு. என் ரிப்பேர் கடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான்காவதைக் கொண்டுவந்தவன் எங்கள் பக்கத்துத் தெருப் பையன். ஒன்பதாவது படிக்கிறான். தொண்ணூறுகளில் அவன் அப்பா பஸ் ஸ்டாண்டு அருகே வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒரு போர்டையும் 'மெட்டல் ஸ்லக்' காட்ரிட்ஜையும் மட்டும் பேப்பரில் சுற்றிப் பரணில் வைத்தார். இருபது வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. பையன் எடுத்துப் பார்த்திருக்கிறான், பேட்டரி கசிந்திருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டுச் சோடா உப்பைப் பூசியிருக்கிறான். பிறகு துணிப்பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"மாமா, ஆசிட் ஊத்திருச்சு. சோடா உப்பு போட்டேன், அப்பவும் சரியாகலை. போர்டு செத்துருச்சா?"

போர்டு எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ எம்விஎஸ், ஒரு காட்ரிட்ஜ் போடும் வகை. 1990-ல் வெளிவந்த அமைப்பு. பெட்டி மாற்றாமல் காட்ரிட்ஜை மட்டும் மாற்றி வேறு கேம் ஓட்டலாம் என்பதால் கடைக்காரர்களுக்குப் பிடித்தது. இந்த வகைப் போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும்.

அந்தப் பேட்டரிக்குள் இருப்பது ஆசிட் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். கார் பேட்டரியிலும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இருப்பது ஆசிட். அங்கே சிந்தினால் சோடா உப்பு போடலாம், சரிதான். ஏனென்றால் சோடா உப்பு காரம், அது ஆசிட்டை முறித்துவிடும். நிக்கல்-காட்மியம் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதுவே கடுமையான காரம். காரத்தின் மேல் இன்னொரு காரத்தைப் பூசினால் சரியாக முறியாது. உள்ளே அரிப்பு அதன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, பூசிய உப்பு சிப்புகளின் அடியில் புகுந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். டார்ச்சில் போடும் சாதாரண அல்கலைன் பேட்டரியும் இதே சாதிதான், பெயரிலேயே காரம் என்று இருக்கிறது. 386, 486 காலத்துக் கம்ப்யூட்டர் போர்டுகளில் நீல உருளையாக இருக்கும் பேட்டரியும் இதுவே. இவற்றுக்கெல்லாம் வேண்டியது லேசான புளிப்பு: வெள்ளை வினிகர். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு.

பையனை உட்காரவைத்துக் காட்டினேன். முதலில் பேட்டரியின் இரண்டு கால்களையும் கட்டரால் நறுக்கி எடுத்தேன். பிறகு பழைய டூத் பிரஷில் வினிகரைத் தொட்டுப் பச்சைப் படிவின் மேல் வைத்தேன். பொசுபொசுவென்று நுரைத்தது. கசிந்த காரம் காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறியிருக்கும். அதுதான் நுரைக்கிறது. இவன் போட்ட சோடா உப்பும் சேர்ந்து நுரைத்ததால் இந்த முறை இரட்டிப்பு வேலை. நுரை நிற்கும்வரை மறுபடி மறுபடி தேய்க்க வேண்டும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாகக் கழுவ வேண்டும், ஏனென்றால் வினிகரை அப்படியே விட்டால் அதுவும் செம்பைத் தின்னும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றி ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். ஈரத்தோடு கரண்ட் கொடுக்கவே கூடாது.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிட்டான். போர்டில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று போர்டின் மேலேயே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரையை இணைத்தேன். சப்ளையில் 5 காட்டி, ஒயரில் இழந்து, போர்டில் 4.7 மட்டும் வந்தால் நல்ல போர்டும் செத்தது போலவே நடிக்கும். இதில் ஏமாந்த மெக்கானிக்குகள் நிறையப் பேர். எங்களுக்கு வோல்ட் சரியாக இருந்தது. திரையில் இது வந்தது:

```
BACKUP RAM ERROR
ADDRESS  WRITE  READ
D00000   5555   5557
```

"ராம் போயிருச்சா மாமா? ஆன்லைன்ல வாங்கிடலாமா?" என்றான். பெரிய மெக்கானிக்குகளும் இதைத்தான் செய்கிறார்கள். திரை ராம் என்று சொன்னதும் ராமைப் பிடுங்கிவிடுவார்கள். நல்ல சிப்பைப் பிடுங்குகிற வேகத்தில், அரித்துப் பலவீனமாகிவிட்ட செம்புத் தடங்களும் கூடவே பெயர்ந்து வந்துவிடும். அதற்குப் பிறகுதான் போர்டு உண்மையிலேயே சாகும்.

அந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் போதும். போர்டு 5555 என்று எழுதிப் பார்த்திருக்கிறது, திரும்பப் படித்தபோது 5557 வந்திருக்கிறது. இலக்கத்துக்கு நான்கு கம்பி என்று மொத்தம் பதினாறு கம்பிகள், அவற்றில் பதினைந்து ஒழுங்காகப் பேசுகின்றன. கடைசி இலக்கத்தில் 5 என்பது 0101, 7 என்பது 0111. ஆக வலதிலிருந்து டி0, டி1 என்று எண்ணும்போது டி1 என்கிற ஒரே கம்பிதான் பொய் சொல்கிறது. இந்த ராம் எட்டுக் கம்பிச் சிப்புகள் இரண்டைக் கொண்டது. ஒரு சிப்பு முழுதாகப் போயிருந்தால் பெரும்பாலும் அதன் எட்டுக் கம்பிகளும் சேர்ந்து உளறும், 5555-க்கு 55FF போல ஏதாவது வரும். ஒரே ஒரு கம்பி மட்டும் தவறினால் நான் முதலில் சந்தேகப்படுவது தடத்தை, சிப்பை அல்ல.

62256 வகை ராமில் டி1-க்கு உரிய கால் பன்னிரண்டாவது. பையன் கையிலேயே மீட்டரைக் கொடுத்தேன். ஒரு முனையை அந்தக் காலில் வைத்து, மறு முனையைத் தடம் போகும் வழியில் செம்பு தெரியும் இடங்களில் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். பீப், பீப் என்று வந்துகொண்டே இருந்தது. பேட்டரி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தடம் போர்டின் மறுபக்கத்துக்கு இறங்கும் சின்னத் துளையைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. அந்தத் துளையின் உள்சுவர்ச் செம்பைக் காரம் தின்றிருந்தது. மேலே பார்த்தால் போர்டின் பச்சைப் பூச்சு கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். வெறும் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

கறுத்த இடத்தைக் கண்ணாடி இழைப் பேனாவால் செம்பு பளபளக்கும்வரை சுரண்டினேன். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடிவிடும். துளையை நம்பாமல், ராமின் காலிலிருந்து அதே கம்பி போய்ச் சேரும் அடுத்த சிப்பின் கால்வரை மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்து ஒட்டினேன். மறுபடி ஆன் செய்தபோது ராம் எரர் போய்விட்டது. அதற்குப் பதில் `CALENDAR ERROR` வந்தது.

பையன் முகம் வாடிவிட்டது. எனக்கோ நிம்மதி. முதல் சோதனையில் தேறியதால்தான் போர்டு அடுத்த சோதனைக்குப் போயிருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே கடிகாரச் சிப்பும், அதற்கான 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் இருந்தன. தீக்குச்சி மருந்தளவு உருளை அது. அதன் ஒரு கால் அடியோடு அரித்துப்போயிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இருப்பதும் இதே கிரிஸ்டல்தான். கடையில் கிடந்த ஓடாத கடிகாரம் ஒன்றைப் பிரித்து, பையனையே கழற்றவைத்து மாற்றினோம். அடுத்த முறை எந்த எழுத்தும் வராமல் நேராக கேமுக்குப் போனது. கடைக்கு வெளியே நின்றிருந்த அவன் அப்பா சத்தம் கேட்டதும் உள்ளே வந்துவிட்டார்.

சரி, இப்போது உங்களுக்கு. பழைய போர்டு, பழைய கம்ப்யூட்டர், பழைய கீபோர்டு எது பரணில் இருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். 'ஓடாமல்தானே வைத்திருக்கிறேன், அது பத்திரமாக இருக்கும்' என்று நினைக்காதீர்கள். பேட்டரி கசிவதற்கு கரண்ட் தேவையில்லை. முனையில் வெள்ளைப் பொடியோ பச்சையோ தெரிந்தால், பக்கத்து ஈயம் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால், கசிவு தொடங்கிவிட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கசியாமல் இருந்தாலும் நிக்கல்-காட்மியம் என்றால் நறுக்கி எடுத்துவிடுங்கள். எம்விஎஸ் போர்டு பேட்டரி இல்லாமலே ஓடும். பேட்டரி காப்பாற்றுவது அமைப்புகளையும், கடிகாரத்தையும், காசுக் கணக்கையும், ஸ்கோரையும் மட்டும்தான்.

ஆனால் எல்லாப் போர்டிலும் அப்படி நறுக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 கேம் போர்டில் இருக்கும் பேட்டரி, கேமைத் திறக்கும் சாவி எண்ணையே பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்தால் கேம் அங்கேயே நின்றுவிடும். 2016-க்குப் பிறகு அந்தச் சாவியை மறுபடி எழுதும் வழி வந்துவிட்டது, இருந்தாலும் அது தெரிந்தவர் கையில் செய்ய வேண்டிய வேலை. எந்தப் போர்டு என்று தெரியாமல் கட்டரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. எடுத்த இடத்தில் வட்டமான 3 வோல்ட் லித்தியம் பேட்டரியை நேரடியாக ஒட்டுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த இடத்தில் போர்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சார்ஜ் ஏற்றக் கூடாத லித்தியத்துக்குச் சார்ஜ் போனால் அது வீங்கும், வெடிக்கவும் கூடும். டையோடு போட்டு அந்த வழியை அடைக்கத் தெரிந்தால் மட்டும், ஹோல்டரில் வைத்துப் போடுங்கள். தெரியாவிட்டால் காலியாகவே விடுங்கள்.

பையனின் போர்டையும் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். "ஆஃப் பண்ணா ஸ்கோர் அழிஞ்சிருமே மாமா" என்று கேட்டான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். டிவிக்குப் பக்கத்துச் சுவரில் நாட்காட்டி அட்டையின் பின்பக்கத்தை ஒட்டி, அப்பா ஸ்கோர், என் ஸ்கோர் என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறான். அப்பா பத்திதான் நீளமாக இருக்கிறது.