குற்றவாளி டவர் இல்லை: p99 கோட்டைப் படித்த கதை

மலையில் ஒரு ஆப் மெதுவாக ஓடினால் முதல் பழி டவர் மேல்தான் விழும். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை சேகரிப்பு மையங்களுக்கான ஒரு மென்பொருளின் சர்வர்களை நான் கவனித்துக்கொள்கிறேன். விவசாயி இலை மூட்டையைக் கொண்டு வருவார், ஏஜென்ட் எடை போட்டு போனில் பதிவார், சீட்டு வரும். சாயங்காலம் லாரி வந்து இலையைத் தொழிற்சாலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அவ்வளவுதான் வேலை.

ஒரு மாதக் கடைசியில் ஒரு ஏஜென்ட் போன் செய்தார். "தம்பி, மாதக் கணக்கைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. இங்க பத்து பேர் நிக்கிறாங்க" என்றார். நானும் எல்லோரையும் போல, "மஞ்சு இறங்கியிருக்கா அண்ணே? சிக்னலா இருக்கும்" என்றேன். டாஷ்போர்டையும் ஒரு பார்வை பார்த்தேன். சராசரிப் பதில் நேரம் 275 மில்லிசெகண்ட், அதாவது கால் செகண்டுக்குக் கொஞ்சம் மேல். சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு தப்பு. அது தப்பு என்று சொல்வதற்கான ஆதாரம் அதே டாஷ்போர்டில், நான் பார்க்காத கோட்டில் இருந்தது.

அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் வந்த 1000 ரிக்வெஸ்டுகளைப் பிறகு லாக்கிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தினேன். எண்களை முழுமைப்படுத்திச் சொல்கிறேன். 940 ரிக்வெஸ்டுகள் 120 மில்லிசெகண்டில் முடிந்தன. 45 ரிக்வெஸ்டுகளுக்கு 600 மில்லிசெகண்ட் ஆனது. மீதி 15-க்கு 9 செகண்ட். மொத்தத்தைக் கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் 275 வருகிறது. ஆனால் 275 மில்லிசெகண்டில் பதில் வாங்கிய ஆள் அந்த ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. அது யாருக்கும் நடக்காத ஒரு நேரம்.

பெர்சன்டைல் என்பது இந்த வரிசையில் ஓர் இடம். ஆயிரத்தையும் வேகமானதிலிருந்து மெதுவானது வரை நிற்க வைத்து, 500-வது ஆளிடம் கேட்டால் வருவது p50. இங்கே 120 மில்லிசெகண்ட். 950-வது ஆள் p95, 600 மில்லிசெகண்ட். 990-வது ஆள் p99, 9 செகண்ட். p99 கோடு 9-இல் நிற்கிறது என்றால் நூற்றில் ஒரு ரிக்வெஸ்டாவது 9 செகண்டோ அதற்கு மேலோ காத்திருந்தது என்று பொருள். மேலே எவ்வளவு என்று அந்தக் கோடு சொல்லாது.

இன்னொன்றும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. இந்த நேரத்தை அளப்பது சர்வர். ரிக்வெஸ்ட் தன் கைக்கு வந்த பிறகு, பதிலை அனுப்பி முடிக்கும் வரைக்கும்தான் அது கணக்கில் வைக்கும். போனுக்கும் டவருக்கும் இடையே போன நேரம் ஏறக்குறைய அதில் சேராது. ஆக, சர்வரே 9 செகண்ட் என்று சொன்னால் அங்கே மஞ்சைக் குறை சொல்ல முடியாது. மாறாக, சர்வரின் p99 கால் செகண்டில் இருந்தும் திரை சுற்றுகிறது என்றால் அப்போது டவரைச் சந்தேகிக்கலாம்.

சரி, அந்த 15 யாருடையவை? என்னோடு வேலை செய்பவர் ஒருவர், "ஒன்றரை சதவீதம்தானே, போகட்டும்" என்றார். லாக்கில் மூன்று செகண்டுக்கு மேல் போனவற்றை மட்டும் வடிகட்டினோம். பதினைந்தும் ஒரே பக்கம், மாதக் கணக்கு. அதிலும் மூன்றே மையங்கள். அதே பக்கத்தை ஒரு சின்ன மையம் திறந்த வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்:

```
route=/monthly centre=17 growers=340 ms=9120
route=/monthly centre=42 growers=12  ms=118
```

340 விவசாயிகள் இருக்கும் மையத்துக்கு 9 செகண்ட், 12 பேர் இருக்கும் மையத்துக்கு கண் சிமிட்டும் நேரம். அதாவது அந்த ஒன்றரை சதவீதம் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல ஆளுக்கு ஒரு நாள் வருவதில்லை. எங்களிடம் அதிகமாக இலை போடும் மையங்களுக்கே, ஒவ்வொரு முறையும் வருகிறது. அதிகத் தரவு வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் அதிகம் பயன்படுத்துபவர். அவருடைய ரிக்வெஸ்ட்தான் வரிசையின் கடைசியில் நிற்கும். சராசரியில் அவரை 940 சின்ன ரிக்வெஸ்டுகள் மூடி மறைத்துவிடும்.

அந்தப் பதினைந்திலும் ஒரு வேடிக்கை. உண்மையில் ஏழெட்டு முறைதான் திறந்திருக்கிறார்கள். சுற்றுகிறதே என்று பின்னால் போய் மறுபடி அழுத்தியதில் மீதி வந்தது. போனில் கைவிட்டாலும் சர்வரில் பழைய வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கும். பொறுமையில்லாமல் அழுத்த அழுத்த இன்னும் மெதுவாகும்.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது கோட்டின் வடிவம். டாஷ்போர்டைத் திறந்தால் எங்களுக்குக் கடைசி 6 மணி நேரம்தான் தெரியும்படி வைத்திருந்தோம். அதில் p99 ஒரு மேடு, அவ்வளவுதான். கால அளவை 60 நாளாக மாற்றினேன். p50 தரையோடு தரையாகக் கிடந்தது. p99 மட்டும் ஒன்றாம் தேதி கீழே தொடங்கி, நாளுக்கு நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதுபோல ஏறி, மாதக் கடைசியில் உச்சிக்குப் போய், அடுத்த ஒன்றாம் தேதி தடாலென்று விழுந்திருந்தது. மறுபடி அதே ஏற்றம். ரம்பத்தின் பல் மாதிரி. கூட்டம் அதிகமானதால் வந்த மந்தம் என்றால் அது வேளையைப் பின்பற்றும், சாயங்காலம் ஏறி இரவில் இறங்கும். இது தேதியைப் பின்பற்றுகிறது. மாதம் பிறந்தால் காலியாகி, பிறகு சேர்ந்துகொண்டே போகும் ஏதோ ஒன்றை நிரல் முழுதாகப் படிக்கிறது என்று அப்போதே பிடிபட்டது.

நிரலைத் திறந்தால் அதுதான். மாதக் கணக்குப் பக்கம் ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்டது. இண்டெக்ஸ் மையத்துக்கும் தேதிக்கும் மட்டுமே இருந்ததால், ஒரு விவசாயியின் கிலோவைக் கூட்ட அந்த மையத்தின் இந்த மாதப் பதிவு மொத்தத்தையும் அது புரட்டியது. பெரிய மையத்தில் 25-ஆம் தேதி வாக்கில் 1600 பதிவுகள் இருக்கும். 340 பேருக்கும் 1600-ஐப் புரட்டினால் 5,44,000 வரிகள். சின்ன மையத்தில் 12 பேர், 60 பதிவுகள், ஆக 720 வரிகள். சோதனை செய்யும்போது நாங்கள் வைத்திருந்தது ஒரு சின்ன மையத்தின் தரவுதான். அது வேகமாகத்தானே ஓடும்?

திருத்தம் பெரிய வித்தையில்லை. முந்நூற்று நாற்பது கேள்விகளை ஒரே கேள்வியாக்கினோம்:

```sql
SELECT grower_id, SUM(kg)
FROM weighments
WHERE centre_id = $1 AND weighed_on >= $2
GROUP BY grower_id;
```

1600 வரிகளை ஒரே தடவை படித்தால் போதும். அந்த 15 ரிக்வெஸ்டுகளும் 9 செகண்டிலிருந்து 700 மில்லிசெகண்டுக்கு வந்தன. p99 கோடு 9-இலிருந்து 0.7-க்கு இறங்கியது. சராசரியோ 275-இலிருந்து 150-க்குத்தான் போனது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வாரம் ஏதோ கொஞ்சம் தேவலை என்று நினைத்துவிட்டுப் போயிருப்போம்.

இனி, அந்தக் கோட்டையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். லாக்கில் 9 செகண்ட் இருந்த அதே நேரத்துக்கு எங்கள் டாஷ்போர்டு p99-ஐ 6.7 செகண்ட் என்று காட்டியது. ஏன் என்று புரிய எனக்கு ஒரு மதியம் பிடித்தது. டாஷ்போர்டுக்கு எண்களைச் சேகரித்துத் தரும் பிராமிதியஸ் என்ற மென்பொருள் வழக்கமான ஹிஸ்டோகிராமில் ஒவ்வொரு ரிக்வெஸ்டின் நேரத்தையும் எழுதி வைப்பதில்லை. இத்தனை செகண்டுக்குள் என்று வாளிகள் வைத்து, எதில் எத்தனை விழுந்தன என்று எண்ணுகிறது. எங்களுடையதில் கடைசி வாளிகளின் எல்லைகள் 2.5, 5, 10 செகண்ட். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே 15 பேர் விழுந்தார்கள் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எல்லோரும் 9-இல் என்பது தெரியாது. அதனால் அவர்கள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறது. 990-வது ஆள் அந்தப் பதினைந்தில் ஐந்தாவது ஆள். ஐந்து செகண்டோடு, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 6.7. இது அளவு இல்லை, வாளியின் அகலத்துக்குள் போட்ட மதிப்பீடு.

இதைவிடப் பெரிய ஏமாற்று மாதக் கடைசி மூன்று நாளில் இருந்தது. p99 சரியாக 10-இல், கோடு போட்டதுபோல நேராக நின்றது. சரி, இதற்கு மேல் மோசமாகாது போலிருக்கிறது என்று நினைத்தோம். உண்மையில் 10 செகண்ட்தான் கடைசி எல்லை. அதைத் தாண்டியவை 11 ஆனாலும் 40 ஆனாலும் கணக்கு 10 என்றே வரும். பதில் நேரக் கோடு ஒரு முழு எண்ணில் ஆடாமல் அசையாமல் நின்றால், அது கூரையில் முட்டி நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு லாக்கைப் பாருங்கள்.

எங்கள் டாஷ்போர்டின் பேனலில் இருந்த கேள்வியே தப்பு என்பதும் இந்தச் சாக்கில்தான் தெரிந்தது. இரண்டு சர்வர்களின் p99-களைத் தனித்தனியாக எடுத்து அவற்றின் சராசரியைக் காட்டும் ஒரு பேனல் இருந்தது. ஒன்றில் 900 பேர், p99 300 மில்லிசெகண்ட். மற்றதில் 100 பேர், 9 செகண்ட். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் 4.65 செகண்ட் எந்த வரிசையிலும் எந்த இடமும் இல்லை. வாளிகளை முதலில் கூட்டிவிட்டு அப்புறம்தான் பெர்சன்டைல் எடுக்க வேண்டும்:

```
histogram_quantile(0.99,
  sum by (le) (rate(http_request_duration_seconds_bucket[1h])))
```

கடைசியில் உள்ள `[1h]` தெரிந்தே வைத்தது. முன்பு 5 நிமிடம் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு ரிக்வெஸ்ட் வந்தால் p99 என்பது அந்தப் பன்னிரண்டில் ஆக மெதுவான ஒன்றுதான். பேக்கப் ஓடும்போது அது ஒரு செங்குத்துக் கோடாக எழும், எனக்கு அலாரம் அடிக்கும், நான் குளிரில் எழுந்து உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று மறுபடி படுப்பேன். நூறு பேராவது இல்லாத இடத்தில் நூற்றில் ஒருவரைத் தேடக் கூடாது. p99.9 வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ரிக்வெஸ்ட் வேண்டும்.

அடுத்த மாதம் 28-ஆம் தேதி 60 நாள் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஏஜென்டுக்கு நானே போன் செய்தேன். பின்னால் எடை மேடையில் மூட்டை விழும் சத்தம் கேட்டது. மாதக் கணக்கு எப்படித் திறக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப சிக்னல் நல்லா இருக்கு தம்பி" என்றார். "டவர் ஏதும் மாத்திட்டாங்களா?"