எந்தக் குறிப்பு எந்தப் படத்தோடு சேரும்? எலிக்காய்ச்சல் விளக்கப்படத்தைத் தமிழாக்கும் வழி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களும் நிறைய. மழைக்காலம் வந்தால் எலிக்காய்ச்சல் பற்றிய விளக்கப்படங்கள் சுற்றத் தொடங்கும். ஒரே தாளில் படம், அம்புக்குறி, வட்டத்துக்குள் எழுத்து, ஓரங்களில் சிதறிய குறிப்புகள். இப்படி ஒரு படத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறவருக்குச் சொற்கள் அவ்வளவு சிரமம் தருவதில்லை. எந்தக் குறிப்பு எதனோடு சேரும், எதை முதலில் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் கடினம். அதில் தவறினால் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் செய்தி மாறிவிடும்.

வழக்கமாக இந்தப் படங்களில் வருவதையெல்லாம் சேர்த்து ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். நடுவில் முழங்கால் அளவு நீரில் ஒரு விவசாயத் தொழிலாளி நிற்கிறார். இடது மேல்மூலையில் எலி, அதன் கீழே சிறுநீர் கலந்த நீர். உடலைச் சுற்றிக் குறிப்புகள்: தலைக்கு ஒன்று, கெண்டைக்காலுக்கு ஒன்று, பாத வெடிப்புக்கு ஒன்று, கண்ணுக்கு மட்டும் இரண்டு. வலது பக்கம் கையுறையும் ரப்பர் பூட்ஸும் இருக்கின்றன. கெண்டைக்காலுக்குப் பக்கத்திலேயே ஒரு மாத்திரை, அதற்குள் ‘200 மி.கி.’, ஒட்டினாற்போல ஒரு நாட்காட்டி. அடியில் ஒரு மருத்துவமனைச் சின்னம்.

கண்ணுக்கு ஏன் இரண்டு குறிப்பு? லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா தோலில் உள்ள கீறல், வெடிப்பு வழியாக மட்டுமல்லாமல் கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் உடலுக்குள் போகும். நோய் வந்தபின் கண் சிவப்பதும் உண்டு. ஆக, ஒரு குறிப்பு கிருமி நுழையும் வழியைச் சொல்கிறது, மற்றது அறிகுறியைச் சொல்கிறது. காலிலும் இதே கதைதான். பாத வெடிப்பு நுழையும் வழி, அதற்குச் சற்று மேலே உள்ள கெண்டைக்கால் வலி அறிகுறி. மூலப்படத்தில் இவற்றைப் பிரித்துக்காட்டுவது நிறம் மட்டுமே: வழிகள் ஆரஞ்சு, அறிகுறிகள் நீலம்.

மாத்திரையின் இடம் இதைவிட ஆபத்தானது. தண்ணீரிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர்கள் நோய் வராமல் தடுக்க, சுகாதாரப் பணியாளர் சொல்கிறபடி வாரம் ஒருமுறை எடுப்பது 200 மி.கி. டாக்சிசைக்ளின். காய்ச்சல் வந்தபின் தரும் சிகிச்சை வேறு, அளவும் வேறு. ஆனால் படத்தில் மாத்திரை கெண்டைக்கால் வலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை அறிகுறிகளோடு சேர்த்துப் படித்தால், ‘கால் வலிக்கிறதா, வாரம் ஒரு மாத்திரை போதும்’ என்று ஆகிவிடும். காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறவருக்குச் சிறுநீரகம், கல்லீரல் வரை பாதிப்பு போகலாம்.

கண் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறது என்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அருகருகே இருப்பவையும் ஒன்றுபோல் தெரிபவையும் ஒரு கூட்டமாகத் தோன்றும் என்பதை மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் விளக்கினார். ஒரே பெட்டிக்குள் இருப்பவை ஒன்றாகத் தெரியும் என்பதை ஸ்டீபன் பால்மர் 1992-இல் சேர்த்தார். கோட்டால் இணைந்தவையும் அப்படித்தான். பெட்டியும் கோடும் பெரும்பாலும் அருகாமையை வென்றுவிடும். ஆகவே படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கோடுகளையும் பெட்டிகளையும் பாருங்கள், அப்புறம் நிறம், கடைசியாகத்தான் அருகாமை. நம் மாதிரியில் மாத்திரையிலிருந்து ஒரு மெல்லிய கோடு கையுறை, பூட்ஸ் இருக்கும் பக்கம் போகிறது. அது தடுப்புக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று அந்தக் கோடுதான் சொல்கிறது.

படம் இருக்கும் கணினிக் கோப்பு இதைச் சொல்லாது. படத்திலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்தால், வரைந்தவர் எந்த வரிசையில் அவற்றை வைத்தாரோ அந்த வரிசையில்தான் வரும். இப்படி:

```
<text x="410" y="96">தலைவலி</text>
<text x="520" y="610">200 மி.கி.</text>
<text x="400" y="130">கண் சிவத்தல்</text>
```

இரண்டு அறிகுறிகளுக்கு நடுவே மாத்திரை அளவு. திரைவாசிப்பான் இதே வரிசையில்தான் படிக்கும், பார்வையற்றவர் இதைத்தான் கேட்பார். படத்தைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் வாங்கி மொழிபெயர்க்கிற பழக்கத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். சின்னத்துக்குள் உள்ள சில எழுத்துகள் கோட்டோவியமாக மாற்றப்பட்டிருக்கும் என்பதால் பட்டியலில் வரவே வராது. ‘200 மி.கி.’ அப்படி விடுபட்டால் யாருக்கும் தெரியாது. எனவே படத்தை அச்செடுத்து, கண்ணில் படும் ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் பேனாவால் எண் போட வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டது வெளியே வந்துவிடும்.

எண் போட்டபின் கூட்டங்களை வட்டமிட்டு, அவற்றுக்கு வரிசை தர வேண்டும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற விதி இங்கே உதவாது, உடல் முழுக்கக் குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. காரணம் எந்த வழியில் ஓடுகிறதோ அதுவே வரிசை: கிருமி எங்கிருந்து வருகிறது, உடலில் எப்படி நுழைகிறது, எப்படித் தடுப்பது, நோய் வந்தால் என்ன தெரியும், உடனே எங்கே போவது. மாத்திரை மூன்றாவது கூட்டத்தில், கெண்டைக்கால் வலி நான்காவதில். கோப்பிலும் ஒவ்வொரு கூட்டத்தையும் `<g>` என்ற ஒரே தொகுதிக்குள் போட்டு, தொகுதிகளை இதே வரிசையில் அடுக்கிவிட்டால் திரைவாசிப்பானும் சரியாகப் படிக்கும்.

தடுப்புக் கூட்டத்துக்குள் இன்னொரு முடிச்சு. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தை மூன்றாக உடைத்து அம்புகளால் கோத்திருக்கிறார்கள். வினை முதல் வட்டத்தில், அளவு மாத்திரைக்குள், ‘வாரம் ஒருமுறை’ நாட்காட்டியில். தமிழில் வினை கடைசியில் வர வேண்டும், ஆனால் சின்னங்களை இடம் மாற்ற முடியாது. துண்டுகளை அப்படியே நிரப்பினால் ‘எடுக்கவும் – 200 மி.கி. – வாரம் ஒருமுறை’ என்று நிற்கும். வினையை வெளியே எடுத்து, ‘நோய் வராமல் தடுக்க’ என்று கூட்டத்துக்குத் தலைப்புக் கொடுப்பது நல்லது. அப்போது மாத்திரைக்குள் அளவும் நாட்காட்டியில் காலமும் தனித்தனியே நின்றாலும் பொருள் தரும். காலியாகும் முதல் வட்டத்தில் ‘மாத்திரை’ என்று போட்டுவிடலாம்.

இடமும் பிரச்சினைதான். ‘வாரம் ஒருமுறை’ நாட்காட்டிக்குள் அடங்காது. எழுத்தைச் சுருக்கினால் புள்ளிகள் மறைந்து, மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோலத் தெரியும். சின்னத்துக்குக் கீழே எழுதுவதே மேல். ஆனால் அப்படி இறக்கியதும் அது கெண்டைக்கால் வலிக்கு இன்னும் அருகே போய்விடுகிறது. ஆகவே தடுப்புக் கூட்டம் முழுவதையும் சுற்றி ஒரு பெட்டி வரைந்தாக வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்ற நட்சத்திரக் குறிப்பு மூலத்தில் தாளின் அடியில் கிடக்கும். அதையும் இந்தப் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள்.

முடிந்ததும், படத்தைப் பார்க்காத ஒருவருக்கு எண் வரிசைப்படி எல்லாத் துண்டுகளையும் வாசித்துக் காட்டுங்கள். ‘மாத்திரை யாருக்கு, எப்போது?’ என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தவருக்கு என்று அவர் சொன்னால் வரிசையோ தலைப்போ தவறு. அப்புறம் தாளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள், ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்த நகல்தான். ஆரஞ்சும் நீலமும் அதில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகிவிடலாம். கண்ணுக்கான இரண்டு குறிப்புகளில் எது எது என்று அங்கே தெரியவில்லையென்றால், ஒன்றின் தலையில் ‘கிருமி நுழையும் வழி’ என்றும் மற்றதன் தலையில் ‘நோயின் அறிகுறி’ என்றும் எழுத்திலேயே போட்டுவிடுங்கள், மூலத்தில் அப்படி இல்லாவிட்டாலும்.