தார்ப்பாயைத் தைத்துவிட்டு இன்சூரன்ஸ் கேட்டு வருபவர்களுக்கு

நான் சரக்கு இன்சூரன்ஸ் நஷ்டங்களை மதிப்பிடும் சர்வேயர். (நிலம் அளப்பவரா என்று கேட்காதீர்கள், அவர் வேறு.) வழியில் சரக்கு திருடு போனதாக லாரி டிரான்ஸ்போர்ட்காரர்கள் அனுப்பும் கிளெய்ம்களில், இந்த ஆண்டில் மட்டும் ஒரே மாதிரிப் பிழைகளைப் பலமுறை பார்த்துவிட்டேன். சென்ற மாதம் வந்த கோப்பில் அந்தப் பிழைகள் எல்லாம் ஒன்றாகவே இருந்ததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து மகாராஷ்டிராவின் இச்சல்கரஞ்சிக்கு 180 மூட்டை பருத்தி நூல் புறப்பட்டது. மூட்டைக்கு 50 கிலோ, கிலோ 260 ரூபாய். திறந்த பாடி லாரி, மேலே தார்ப்பாய், கயிற்றுக் கட்டு. சித்ரதுர்காவைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத் தாபா ஒன்றில் இரவு நிறுத்திய டிரைவர், ஹுப்பள்ளி நெருங்கும்போதுதான் பின்பக்கத் தார்ப்பாய் கிழிந்து தொங்குவதைக் கண்டார். உடனே முதலாளிக்குப் போன் செய்தார். "போய் இறக்கிப் பாரு, எவ்வளவு குறையுதுன்னு தெரியட்டும்" என்றார் முதலாளி. இறக்கியபோது 158 மூட்டைதான் இருந்தது. 22 மூட்டை, அதாவது 2,86,000 ரூபாய்ச் சரக்கு, காணாமல் போயிருந்தது.

இனி எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "சரக்குக்கு மில் இன்சூரன்ஸ் போட்டிருக்கு சார், எங்களுக்கு என்ன?" என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். அந்த பாலிசி மில்லுடையது. அது மில்லின் நஷ்டத்தைத்தான் ஈடு செய்யும். பணம் கொடுத்ததும், மில்லின் இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்கும் உரிமை அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வந்துவிடுகிறது. 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 79ஆவது பிரிவு சொல்வது இதுதான். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, உங்களுக்குச் சாதகமாக இல்லை. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசு உத்தரவு என்று சில காரணங்களுக்கு அது விலக்கு தருகிறது, அந்தப் பட்டியலில் திருட்டு இல்லை. உங்கள் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வழக்குப் போடுபவருக்கு இல்லை என்று 12ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆக, திருட்டுக்கு நீங்கள் பொறுப்பாளி என்பதை நிலைநாட்ட யாரும் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. லாரிக்கு எடுத்த வாகன இன்சூரன்ஸும் ஏற்றிய சரக்கின் திருட்டுக்கு உதவாது. உங்கள் சொந்தப் பெயரில், டிரான்ஸ்போர்ட்டரின் சட்டப் பொறுப்புக்கென எடுக்கப்பட்டு, அதில் திருட்டும் சேர்க்கப்பட்ட பாலிசிதான் உங்களுக்கானது. பல பாலிசிகளில் தீயும் வாகன விபத்தும் மட்டுமே அடிப்படையாக இருக்கும், திருட்டைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இந்த முதலாளி அதைக் கேட்டுச் சேர்த்திருந்தார். நல்ல காரியம். ஆனால் அதன்பின் செய்த எல்லாவற்றிலும் சறுக்கினார்.

முதல் சறுக்கல் போலீஸ் புகாரில். மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பிய டிரைவரை உள்ளூர் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்று புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி அதை எனக்கு அனுப்பியிருந்தார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்தது என்பதற்கான ரசீது, வழக்குப் பதிவு அல்ல. "சம்பவம் கர்நாடகாவில் நடந்தது, அங்கேதான் போகணும்" என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, சம்பவம் எங்கு நடந்திருந்தாலும், திருட்டு போன்ற குற்றத்திற்கு எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப முடியும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதையெல்லாம் கேட்காமல் திரும்பி வந்துவிட்டு, ஒன்பதாம் நாள் சம்பவ இடத்து ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. அன்றுதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் போனது. தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது நாளில் காணாமல் போகும் சாட்சியங்களை எந்தச் சுற்றறிக்கையும் திருப்பித் தராது.

அந்த எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "இரவு 2 மணிக்கு சாப்பிடப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது கயிறு அறுந்திருந்தது, சுமார் 20 மூட்டை குறைந்தது" என்று டிரைவர் கூறியதாக இருந்தது. லாரி ரசீதான எல்.ஆர். நகலில் பெறுபவர் எழுதிய குறிப்போ 22 மூட்டை என்றது. வண்டியின் ஜி.பி.எஸ். பதிவில் நிறுத்தம் 1.10 முதல் 4.50 வரை இருந்தது. கயிறு அறுந்ததை அங்கேயே பார்த்திருந்தால், ஹுப்பள்ளி வரை ஏன் ஓட்டினார்? மூன்று ஆவணங்கள் மூன்று கதைகளைச் சொன்னால், கம்பெனி எதை நம்பும்?

டிரைவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "கேபின்லயே தூங்கிட்டேன் சார். தூங்கினேன்னு எழுதினா எங்க தப்புன்னு சொல்லிருவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தவர்களைத் திட்டினேன். இந்தப் பாலிசியில் ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியிலிருந்து நடக்கும் திருட்டுக்கு ஈடு இல்லை என்று தனி நிபந்தனை இருக்கிறது. கேபினில் படுத்துத் தூங்கிய டிரைவர் வண்டியில்தான் இருக்கிறார், அது ஆளில்லாத வண்டி ஆகாது. சாப்பிடப் போனேன் என்ற பொய்தான் அதை ஆளில்லாத வண்டியாக மாற்றியது. கிளெய்மைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன அந்தப் பொய், அதைக் கவிழ்க்கப் போதுமானதாக இருந்தது.

அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் "எஃப்.ஐ.ஆரைத் திருத்தி வாங்கிவிடலாம்" என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆரைத் திருத்த முடியாது. விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். டிரைவர் உள்ளதை உள்ளபடி சொல்லி, 22 மூட்டை என்பதற்கு எல்.ஆர். நகலையும் இறக்குமிடத்து எடைமேடைச் சீட்டையும் இணைத்துக் கொடுத்தார். ஒரு மூட்டைக்குப் பொதியுடன் சுமார் 51 கிலோ. ஏற்றியபோதும் இறக்கும் முன்பும் போட்ட எடையில் 1,120 கிலோ வித்தியாசம் வந்தது, 22 மூட்டைக்கு ஏறத்தாழ அது பொருந்துகிறது. தாபாவுக்கு அடுத்த பெட்ரோல் பங்கில் பதினைந்து நாள் வரை கேமராப் பதிவு அழியாமல் இருந்தது, நாங்கள் கேட்டது பதினோராம் நாள். கேபின் கதவு இரவு முழுதும் திறக்கவில்லை என்பதும், இரண்டரை மணிக்கு ஒரு சிறிய சரக்கு வண்டி லாரியின் பின்னால் ஒட்டி நின்றதும் அதில் இருந்தன. இன்னும் ஐந்து நாள் கழித்துக் கேட்டிருந்தால், இந்தப் பகுதி முழுவதும் வெறும் வாக்குமூலமாகவே நின்றிருக்கும்.

தார்ப்பாய் கதை தனி. அறுந்த கயிற்றையும் கிழிந்த பாயையும் பார்க்க வேண்டும் என்றேன். "புதுசா தைச்சு அடுத்த லோடுக்குக் கட்டிட்டோம் சார்" என்றார்கள். 50 கிலோ மூட்டை வெளியே வர எவ்வளவு நீளத்துக்குக் கிழிய வேண்டும், கிழிப்பு கத்தியாலா, காற்றில் பிய்ந்ததா, நூல் இழைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கின்றனவா என்பதை எல்லாம் அந்தப் பாய்தான் சொல்லும். நல்லவேளையாக இச்சல்கரஞ்சி குடோன் மேலாளர் இறக்குமுன் நான்கு படம் எடுத்திருந்தார். ஓர் ஆள் அகலத்துக்கு நேர்கோட்டில் கத்தி வெட்டு தெரிந்தது. அவருக்கு அதற்கான அவசியமே இல்லை, உங்களுக்குத்தான் இருந்தது.

எல்.ஆர். பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டை எண்ணிக்கை, எடை, மில் இன்வாய்ஸ் எண், இ-வே பில் எண், லாரி எண் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வழியில் லாரி மாற்றினால் இ-வே பில்லிலும் மாற்றுங்கள். எஃப்.ஐ.ஆரில் ஓர் எண்ணும் இ-வே பில்லில் இன்னோர் எண்ணும் இருந்தால், திருட்டு நடந்த வண்டியில் இந்தச் சரக்கே இருந்ததா என்ற கேள்வி எழும். மதிப்பைக் குறிப்பிடாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. சாலைப் போக்குவரத்து விதிகளின்படி, அதிக மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் பெறாதபோது, டிரான்ஸ்போர்ட்டரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நிற்கும். இந்த லோடுக்கு வாடகை 36,000 ரூபாய், வரம்பு 3,60,000. 22 மூட்டைக்கு அது தடையில்லை. முழு லோடும் போயிருந்தால் 23,40,000 ரூபாய் நஷ்டத்தின் முன் அந்த வரம்பு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கும், அதைக் காட்டுவதற்கான காகிதம் எல்.ஆர்.தான்.

இவை எல்லாம் ஒருவழியாகச் சேர்ந்த பிறகு இன்னொரு செய்தி வந்தது. மில்லின் நட்பு கெடக்கூடாது என்று, அடுத்தடுத்த நடைகளின் வாடகையில் 2,86,000ஐக் கழித்துக்கொள்ளச் சொல்லி முதலாளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். பொறுப்பு பாலிசியில் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தரவோ கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். மேலும், மில் உங்களிடம் நஷ்டத்தைக் கேட்டு எழுதிய கடிதம் இல்லாவிட்டால், உங்கள் மீது பொறுப்பு வந்ததற்கே ஆதாரம் இல்லை. நல்லவேளை, அவர் ஒப்புக்கொண்டது வாய்மொழியாகத்தான், இன்னும் ஒரு ரூபாயும் கழிக்கவில்லை. மில்லிடம் முறையான கோரிக்கைக் கடிதம் வாங்கச் சொன்னேன். சட்டப்படி, வழக்குப் போவதற்கு முன், சரக்கை அனுப்ப புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கும் அது தேவைதான். பெறுபவர் குறைவுச் சான்றிதழ் கேட்டால் மறுக்க வேண்டாம். ஆனால் அதில் எத்தனை மூட்டை குறைவு, தார்ப்பாய் எப்படி இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "இந்த நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்திடாதீர்கள், தயவுசெய்து.

கோப்பு முடிந்தது. பாலிசியில் நஷ்டத்திலிருந்து கழியும் தொகை 25,000 ரூபாய். மீதி 2,61,000க்கு நான் அறிக்கை கொடுத்தேன். போலீஸாரின் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற இறுதி அறிக்கையைக் கம்பெனி கேட்டிருக்கிறது, அது வர மாதங்கள் ஆகலாம். நூல் கிடைத்தால் கம்பெனிக்குக் கொடுப்பதாக உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டு முன்பே கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். கடைசியாக முதலாளி போன் செய்தபோது, அடுத்த லோடு கிளம்புவதாகச் சொன்னார். தார்ப்பாய் கிழிந்தால் முதலில் யாருக்குப் போன் என்று டிரைவரிடம் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை.