ஊர் திரும்பிய நாளிலிருந்து உங்கள் என்ஆர்இ கணக்கு

என் அத்தான் துபாயில் 16 வருடம் வேலை பார்த்துவிட்டு 2025 ஆகஸ்ட் 10 அன்று தென்காசிக்குத் திரும்பினார். கையில் 40 லட்சம் ரூபாய், முழுக்க என்ஆர்இ எஃப்டியாக. வந்த வாரமே அவர் கேட்ட கேள்வி, "இதை அப்படியே விட்டுவைத்தால் வட்டிக்கு வரி கிடையாதே, எதற்குத் தொட வேண்டும்?" என்பதுதான். வளைகுடாவிலிருந்து வரும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

நீங்கள் எங்கே வசிப்பவர் என்பதை இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகப் பார்க்கின்றன. முதலாவது, ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம். இனி இங்கேயே இருக்கப் போகிறேன் என்று வந்து இறங்கினால், அந்த நாள் முதலே நீங்கள் அதன் கண்ணில் உள்நாட்டவர். 182 நாள் காத்திருக்கும் கணக்கெல்லாம் இதற்கு இல்லை. என்ஆர்இ கணக்கை உடனே சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், அல்லது பணத்தை ஆர்எஃப்சி என்கிற, உள்நாட்டவருக்கான வெளிநாட்டு நாணயக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு வரிவிலக்கு என்பதும் ஃபெமாவின்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு மட்டும்தான். ஆகவே அத்தானுக்கு ஆகஸ்ட் 10 முதல் வரும் வட்டி வரிக்கு உட்பட்ட வருமானம். பாஸ்புக்கில் இன்னும் என்ஆர்இ என்று அச்சாகிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

இரண்டாவது, வருமான வரிச் சட்டம். இது நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் உள்நாட்டவர். அத்தான் அந்த ஆண்டில் இருந்தது 234 நாள். ஆனால் நெடுநாள் வெளியே இருந்து வந்தவருக்கு இடையில் ஒரு நிலை உண்டு, அதை ஆர்என்ஓஆர் என்பார்கள். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டவராக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதிருந்தாலோ அது கிடைக்கும். இரண்டில் ஒன்று போதும்.

இதில் தேதி எவ்வளவு முக்கியம் என்பதை அத்தான் விஷயத்திலேயே பார்த்தேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது 2025-26, 2026-27க்கு, 10 ஆண்டுக் கணக்கிலேயே அவர் ஆர்என்ஓஆர். மூன்றாவது ஆண்டில் அந்தக் கணக்கு உதவாது, 729 நாள் கணக்குதான் கை கொடுக்க வேண்டும். அவர் வருடத்துக்கு 30 நாள் லீவில் வந்தவர். ஐந்து வருடத்துக்கு 150, திரும்பிய வருடம் 234, அடுத்த வருடம் 365. கூட்டினால் 749. இருபது நாளில் போய்விட்டது. செப்டம்பர் 1 அன்று வந்திருந்தால் 727 ஆகியிருக்கும், மூன்றாவது ஆண்டும் கிடைத்திருக்கும். இன்னும் டிக்கெட் போடாதவர்கள், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து இந்தக் கூட்டலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.

சரி, ஆர்என்ஓஆர் என்பதால் என்ன லாபம்? துபாயில் உங்களுக்கு வாடகையோ முதலீட்டு வருமானமோ இருந்து அது அங்கேயே உங்கள் கைக்கு வந்தால், இங்கே வரி இல்லை. ஆர்எஃப்சி கணக்கு வட்டிக்கும், என்ஆர்ஐயாக இருந்தபோது வெளிநாட்டு நாணயத்திலேயே போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட் வட்டிக்கும் வரி இல்லை. எஃப்சிஎன்ஆரை முதிர்வு வரை அதே வட்டியில் தொடரவும் விடுவார்கள். என்ஆர்இ எஃப்டி மட்டும் இந்தச் சலுகையில் சேராது. இதைத்தான் பெரும்பாலோர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வரி என்றதும் பயந்து மறைக்கத் தோன்றும். அத்தானுக்கும் தோன்றியது. 40 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 2.8 லட்சம் வட்டி. புதிய வரி முறையில் 2025-26 முதல், மொத்த வருமானம் 12 லட்சம் வரை உள்ள உள்நாட்டவருக்குத் தள்ளுபடி போக வரி பூஜ்யம் (பங்கு விற்ற லாபம் போன்றவற்றுக்குக் கணக்கு வேறு). வெளிநாட்டவருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது, ஆர்என்ஓஆருக்கு உண்டு. ஆக, அவர் நிலையை ஒழுங்காகச் சொன்னாலும் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டாலோ, ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. மாற்றிய பிறகு வங்கி வட்டியில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும், ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். பான் எண்ணோடு ஆதாரை இணைப்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். வெளிநாட்டவருக்கு அதிலிருந்து விலக்கு இருந்ததால் பலர் இணைத்திருக்க மாட்டார்கள். இணைக்காத பான் செயலிழந்தால் டிடிஎஸ் 20 சதவீதமாகிவிடும்.

வங்கிக்குப் போகும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கவுன்ட்டரில் இருந்தவர் அத்தானிடம், "எஃப்டியை உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்றார். அது தேவையில்லை. "முதிர்வு வரை ஒப்பந்த வட்டியிலேயே, கணக்கின் நிலையை மட்டும் உள்நாட்டவர் என்று மாற்றித் தாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் பழைய வட்டி தொடரும். பழைய விகிதம் இன்றைய விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதை இழப்பானேன்?

அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, எவ்வளவு ஆர்எஃப்சிக்குப் போக வேண்டும் என்பது. அதில் உள்ள பணத்தை எந்த வரம்பும் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மறுபடி வேலைக்குப் போனால் அதை என்ஆர்இ ஆக்கிக்கொள்ளவும் முடியும். சாதாரண ரூபாய்க் கணக்கில் கலந்துவிட்டாலோ, பிறகு ஆர்எஃப்சிக்குக் கொண்டுவர வழியில்லை. அத்தானின் மகள் வெளிநாட்டில் படிக்கப் போக நினைக்கிறாள். அதனால் 6 லட்சத்தை டாலராக ஆர்எஃப்சியில் போட்டார். என்ஆர்இ எஃப்டியை ஆர்எஃப்சிக்காக முன்கூட்டியே எடுத்தால் அபராதம் கிடையாது, ஆனால் ஒரு வருடம்கூட ஓடாத எஃப்டி என்றால் வட்டி பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அவர் பழைய எஃப்டியைத்தான் எடுத்தார்.

அப்புறம் மாதச் செலவு. என்ஆர்ஐயாக இருந்தபோது தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் சேர முடியாது, இப்போது முடியும். முதிர்ந்த இன்னொரு எஃப்டியிலிருந்து 15 லட்சத்தை அக்காள் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகப் போட்டார். கூட்டுக் கணக்குக்கு அதுதான் உச்சவரம்பு. அவர் சேர்ந்தபோது இருந்த 7.4 சதவீதத்துக்கு மாதம் 9,250 ரூபாய், ஐந்து வருடமும் அதே தொகை. முதல் வருடம் அதை எடுக்கவே முடியாது, மூன்று வருடத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் போகும். ஆகவே அவசரத்துக்கான பணத்தை இதில் போடாதீர்கள்.

மிச்சம் 19 லட்சம் 7 சதவீத எஃப்டியில் மாதம் சுமார் 11,000 தருகிறது. இரண்டும் சேர்ந்து 20,000 சொச்சம். வீட்டுச் செலவோ 38,000. துபாயிலிருந்து மாதம் 60,000 அனுப்பிய காலத்தில் அக்காள் போட்ட பட்ஜெட்டிலிருந்து வெட்டி வெட்டித்தான் இந்த 38,000. மீதி 18,000ஐ உழைத்துத்தான் ஈட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான், அவர் முதலில் நினைத்தபடி 25 லட்சத்துக்கு மனை வாங்கும் யோசனையைக் கைவிட்டார். இப்போது ஒரு ஏசி பழுதுபார்க்கும் கடையில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார். துபாயில் அவர் செய்ததும் அதே வேலைதான்.