மார்கழி விடியலில் அடுத்த ஊர்ப் பாட்டு கேட்பது எப்படி?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே வயல் நடுவில் இருக்கும் ஊர்களில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோயில் குழாய் ஸ்பீக்கரின் பாட்டு மார்கழி விடியலில் சொல் சொல்லாகக் கேட்கும். அதே ஸ்பீக்கர் நண்பகலில் பாடினால் காதில் விழாது. ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம்தான். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் ஒலியை நன்றாகக் கடத்துகிறது என்று சொல்வது சரியல்ல. குளிரில் ஒலி மெதுவாகவே போகும். காற்று எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. மேலே உள்ள காற்று அவ்வளவு குளிர்வதில்லை. வயல் மட்டத்தில் 22 டிகிரி, 30 மீட்டர் உயரத்தில் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஆகவே கீழே நொடிக்கு 344.6 மீட்டர், மேலே 346.5 மீட்டர்.

இந்தச் சின்ன வித்தியாசம் போதும். நுகத்தடியில் பூட்டிய மாடுகளில் ஒன்று எட்டி நடந்தால், வண்டி மெதுவான மாட்டின் பக்கம் திரும்பும். ஒலி அலையின் மேல்பகுதி முந்துவதால் அலை முழுவதும் மெதுவான பக்கம், அதாவது தரையை நோக்கி, வளைகிறது. மேலே சொன்ன கணக்கில் அந்த வளைவு சுமார் 5.7 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. தரையிலிருந்து 6 டிகிரிக்குள் சாய்வாகக் கிளம்பும் ஒலி 30 மீட்டர் உயரத்தைத் தாண்டாமல் திரும்பி வருகிறது. 6 டிகிரியை ஒட்டிக் கிளம்புவது சுமார் 1.2 கிலோமீட்டர் தள்ளி இறங்கும். அதைவிடச் செங்குத்தாகப் போவது குளிர் அடுக்கைக் கடந்து வானத்தோடு போய்விடும். இறங்கிய ஒலி தண்ணீர் நிற்கும் வயலில் பட்டால் மறுபடி எழும்பி இன்னும் தொலைவு போகும். காய்ந்த, பொலபொலப்பான மண் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

பகலில் எல்லாம் தலைகீழ். தரை சூடு, மேலே குளிர். ஒலி மேல்நோக்கி வளைகிறது. அதே அளவு வெப்ப வேறுபாடு எதிர்த்திசையில் இருந்தால், 6 மீட்டர் கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரின் ஒலி ஏறத்தாழ 400 மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் தலைக்கு மேலாகப் போய்விடும். அங்கிருந்து ஒலியின் நிழல் தொடங்குகிறது. சிதறி வரும் கொஞ்சம்தான் காதில் விழும்.

எல்லா இரவும் இப்படி அமையாது. மேகம் மூடினால் தரை குளிராது. காற்று வீசினால் அடுக்குகள் கலந்துவிடும். ஸ்பீக்கர் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று அடித்தாலும் ஒலி தூரம் வரும், ஆனால் அது வேறு காரணம். குளிர் அடுக்கு இருக்கிறதா என்று அறிய வைக்கோல் புகையைப் பாருங்கள். கொஞ்சம் எழுந்து, மேலே போகாமல் வயல்மீது பாய் விரித்ததுபோல் படிந்தால் அடுக்கு இருக்கிறது. சூரியன் ஏறித் தரை சுட்டதும் அடுக்கு அடியிலிருந்து கலையும். புகை நேராக எழத் தொடங்கும்போது அடுத்த ஊர்ப் பாட்டும் தேய்ந்துபோகும்.