‘லிவ்டு ரிலிஜன்’: வாழும் சமயமா, புழங்கு சமயமா?

சமயத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ‘லிவ்டு ரிலிஜன்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘வாழும் சமயம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வாழும் சமயம் என்றால் இன்னும் அழியாமல் இருக்கிற சமயம் என்றுதான் காதில் விழும், வாழும் மொழி என்று சொல்கிற மாதிரி. இந்தச் சொல் சொல்லவருவது வேறு. மனிதர்கள் தங்கள் வீட்டில், தங்கள் கையால், அன்றாடம் செய்துபார்த்து வாழ்கிற சமயம் அது. நூலும் மடமும் சொல்லுகிற சமயத்தோடு அது ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம்.

சொல்லின் வேர் பிரெஞ்சு சமூகவியலில் இருக்கிறது. அங்கே இருந்த ‘வாழ்ந்து பார்த்த சமயம்’ என்ற பொருளுடைய தொடரை எடுத்துத்தான் அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் ஹால் 1997-இல் தான் தொகுத்த நூலுக்குத் தலைப்பு வைத்தார். அதற்கு முன்பே, 1985-இல், ராபர்ட் ஓர்சி நியூயார்க்கில் குடியேறிய இத்தாலியர்களின் மாதா வழிபாட்டைப் பற்றி எழுதியபோது, பெண்கள் மாதாவிடம் என்ன கேட்டார்கள், பதிலுக்கு என்ன தருவதாகச் சொன்னார்கள் என்பதைத்தான் பிடித்துக்கொண்டு போனார். ஆக, இந்தச் சொல்லின் மையத்திலேயே பெண்களின் வேண்டுதல் இருக்கிறது.

தமிழில் நான் பயன்படுத்துவது ‘புழங்கு சமயம்’. அம்மி, உரல், விளக்கு என்று வீட்டில் கைபட்டுத் தேய்கிற பொருள்களைப் பற்றிய படிப்புக்கு நாட்டார் வழக்காற்றியலில் ‘புழங்குபொருள் பண்பாடு’ என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது, அதே புழக்கம்தான் இதுவும். ‘நாட்டார் சமயம்’ என்று சொல்லலாமே என்றால், அது சுடலைமாடன் கோயிலுக்குப் பொருந்தும், ஆனால் வைதிக முறைப்படி பூசை செய்கிற வீட்டு அம்மாள் மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொள்வதை எங்கே வைப்பது?

அப்புறம், ஆங்கிலத்தில் ‘வவ்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதற்கு நம்மிடம் குறைந்தது இரண்டு சொற்கள் உண்டு, அவற்றைக் குழப்பினால் ஆய்வே குழம்பிவிடும். ஒன்று நோன்பு. நோல், நோற்றல் என்ற வினையிலிருந்து வந்தது, பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். ‘உற்றநோய் நோன்றல்’ என்று குறள் தவத்துக்குச் சொல்வது அதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் நோம்பு, ஆந்திர எல்லையில் தெலுங்குப் பெண்கள் எடுப்பது நோமு, எல்லாம் ஒரே வேர். இன்னொன்று நேர்ச்சை. நேர்தல் என்றால் தருவதாக ஒப்புக்கொள்ளுதல். இங்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல் இது, மலையாளத்தில் நேர்ச்ச. நோன்பில் உடம்பு பொறுக்கிறது, நேர்ச்சையில் வாய் ஒப்புக்கொள்கிறது, அப்படி ஒப்புக்கொண்டதனால்தான் அது நேர்த்திக்கடன் என்று கடனாகிறது.

எங்கள் பக்கத்து நோன்புக்கு ஔவையார் நோன்பை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்பார்கள், அந்த மாதங்களின் செவ்வாய் இரவில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி உப்பில்லாமல் கொழுக்கட்டை அவித்து, மூத்தவர் ஒருவர் கதை சொல்ல, விடியுமுன் அவர்களே சாப்பிட்டு முடிப்பார்கள். ஆண்வாடை கூடாது, ஆண் குழந்தைகூட அந்த வீட்டில் இருக்கக்கூடாது. சின்ன வயதில் என்னைப் பக்கத்து வீட்டில் படுக்கவைப்பார்கள். அந்தக் கதை எனக்கு இன்றுவரை தெரியாது, அக்காளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. ஆணாக இருக்கிற ஆய்வாளர் பெண் ஒருத்தியிடம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தனுப்பிக் கதையை வாங்கிவிடலாம்தான், ஆனால் ஆணுக்குச் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த நோன்பே. யார் யார் வந்தார்கள், யார் வீட்டில் இந்தத் தடவை, எந்த வருஷம் விட்டுப்போனது என்று அவர்கள் தாமாகச் சொல்கிறவரை எழுதிக்கொண்டு அங்கே நிறுத்திக்கொள்ளவேண்டும்.

நேர்ச்சையைப் படிப்பதற்கு வழி வேறு. இதை நான் தக்கலையில் என் பெரியம்மா வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். முதலில் நான் கேட்டது தவறான கேள்வி: “ஏன் பெரியம்மா நேர்ச்சை போடுறீங்க?” ‘ஏன்’ என்று கேட்டால் யாரும் பிரசங்கத்தில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். பிறகு “கடைசியா எப்ப, யாருக்குப் போட்டீங்க?” என்று மாற்றிக் கேட்டேன். நான்கு நேர்ச்சைகளைச் சொன்னார், நான்கும் பலித்தவை. கேட்டுக்கொண்டு அப்படியே வந்திருந்தால், போட்டதெல்லாம் பலித்துவிடும் என்று அவர் நம்புகிறார் என எழுதியிருப்பேன்.

மறுநாள் சாமி படங்கள் இருக்கிற மரத்தட்டின் முன்னால் அவரை உட்காரவைத்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பொருளாக, இது எங்கிருந்து வந்தது, யார் வைத்தது, எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போனேன். தட்டின் படத்தை நோட்டில் வரைந்து எண் போட்டேன், அவர் சம்மதத்தோடு புகைப்படமும் எடுத்தேன். மண்டைக்காட்டுக் குங்குமம், சவேரியார் கோயிலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த எண்ணெய்க் குப்பி, ஒரு குருவாயூரப்பன் படம். அதன் பின்னால் மூன்று மஞ்சள் துணி முடிச்சுகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு காசு. நான் ஒன்றைக் கையில் எடுத்ததும், “அத அவுத்துராத மக்ளே, இன்னும் தீரல்ல” என்றார்.

பலித்து, தீர்த்துவிட்ட நேர்ச்சையின் காசு கோயில் உண்டியலுக்குப் போய்விடுகிறது. வீட்டில் மிஞ்சுவது தீராததுதான். ஆக, வாய் சொல்வது பலித்ததை, தட்டு காட்டுவது தீராததை. பேட்டியை மட்டும் நம்புகிறவருக்குக் கணக்கில் பாதிதான் கிடைக்கும்.

மூன்று முடிச்சும் ஒரே நிலையில் இல்லை. ஒன்று முட்டுவலிக்கு, இன்னும் காத்திருக்கிறது. இன்னொன்று மகனுக்கு வேலை கிடைக்கத் திருச்செந்தூர் முருகனுக்கு. வேலை கிடைத்துவிட்டது, ஆனால் போகத் தோதுப்படவில்லை, அதனால் கடன் நிற்கிறது. மூன்றாவது அவர் மாமியார் முடிந்தது. எந்தச் சாமிக்கு, எதற்கு என்று சொல்லாமலே போய்விட்டார். அவிழ்க்கவும் முடியாது, எந்த உண்டியலில் போடுவது என்றும் தெரியாது, வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மா அதையும் சேர்த்துத் தூசி தட்டி வைக்கிறார். காசில் அச்சடித்த வருஷத்தைப் பார்த்தால் அதற்கு முன்னால் முடிந்ததல்ல என்றாவது தெரியும்தான். பார்க்கவில்லை. நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ‘மாமியாருடையது, அவிழ்க்கவில்லை’ என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் போனபோது தட்டில் இரண்டு முடிச்சுகள்தான் இருந்தன. திருச்செந்தூர் முடிச்சு இருந்த இடத்தில் பன்னீர் இலை விபூதிப் பொட்டலம் ஒன்று இருந்தது. பழைய புகைப்படம் கையில் இல்லாமல் போயிருந்தால், யாரோ கொண்டுவந்த பிரசாதம் என்றுதான் எழுதியிருப்பேன்.