பணிநீக்கக் கடிதமும் விசாரணை அறிக்கையும் ஒன்றையே சொல்லவேண்டும்

கடுமையான ஒழுங்கீனத்துக்காக ஊழியரை முன்னறிவிப்பின்றிப் பணிநீக்கம் செய்ய சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் முதலாளிக்கு இடமளிக்கிறது. ஆனால் உரிய விசாரணைக்குப் பிறகே அதைச் செய்யவேண்டும் என்றும் அது சொல்கிறது. குற்றச்சாட்டு என்னவென்று ஊழியருக்குத் தெரியவேண்டும், தம் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பு வேண்டும், விசாரிப்பவர் ஒருதலைச் சார்பு உள்ளவர் என்று எண்ண இடமிருக்கக் கூடாது. விசாரணை இப்படி முறையாக நடந்தும் இறுதிக் கடிதம் அதைக் கெடுத்துவிடுவதை மனிதவளத் துறைப் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு கிடங்கு மேற்பார்வையாளரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கீழ் வேலை செய்த இருவர் மூன்று இரவுகளில் பத்து மணிவரை கூடுதல் நேர வேலை பார்த்ததாக அவர் கையெழுத்திட்டிருந்தார். வாயில் அட்டைப் பதிவோ அந்த மூன்று நாள்களிலும் அவ்விருவரும் மாலை ஆறரைக்குள் வெளியேறியதைக் காட்டியது. வேலைநேரப் பதிவில் பொய்த் தகவல் எழுதினார் என்பது மட்டுமே அவருக்கு எழுத்தில் தரப்பட்ட குற்றச்சாட்டு. விசாரணையில் அவர், மூன்றாம் இரவில் அவர்களை லாரியில் மற்றொரு கிடங்குக்கு அனுப்பியதாகக் கூறினார். லாரி ஓட்டுநரின் பயணக் குறிப்பேடு அதை உறுதிப்படுத்தியதால், முதல் இரண்டு இரவுகள் குறித்த குற்றச்சாட்டு மட்டுமே நிரூபணமானது என்று விசாரணைக் குழு எழுதியது.

பின்னர் என் பார்வைக்கு வந்த பணிநீக்கக் கடிதத்தின் வரைவு, “உங்கள்மீதான எல்லாக் குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்பட்டன, மேலும் நீங்கள் அடிக்கடி தாமதமாக வருபவர், நிர்வாகத்தின் நம்பிக்கையை இழந்துவிட்டீர்கள்” என்று சொல்லியது. மூன்றாம் இரவைப் பற்றிக் குழு எழுதிய முடிவு அதில் மறைந்துபோயிருந்தது. விசாரணையில் ஒருவரும் கேட்காத தாமத வருகை புதிதாக முளைத்திருந்தது. பணிநீக்கத்துக்குக் காட்டிய காரணம் பொய் என்று நிரூபணமானால் அந்தப் பணிநீக்கமே முறையற்றதாகிவிடக்கூடும். இரண்டு இரவுகளின் பொய்ப் பதிவே அந்த நிறுவனத்துக்குப் போதுமான காரணமாக இருந்தபோது, உறுதியான அதை விட்டுவிட்டு உறுதியற்றதன்மேல் சாய்வதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

திருத்திய கடிதம் மூன்று தேதிகளையும் தனித்தனியே குறிப்பிட்டது. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பதிவு பார்க்கப்பட்டது, ஊழியர் என்ன விளக்கம் தந்தார், குழு அதை ஏற்றதா, ஏற்காவிட்டால் ஏன் என்று ஓரிரு வாக்கியங்களில் கூறியது. “மூன்றாம் இரவு குறித்த குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை” என்பதும் அதில் இருந்தது. இந்த வாக்கியத்தை எழுதத் தயங்கும் மேலாளர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஊழியரின் விளக்கத்தைக் குழு உண்மையிலேயே எடைபோட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பதவியிறக்கம் போன்ற சிறிய தண்டனை ஏன் போதவில்லை என்பதையும் ஒரு பத்தியில் சொன்னோம்: பதிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதே அவருடைய பொறுப்பாக இருந்தது.

விசாரணைக் காலத்தில் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடவேண்டும். பொதுவாக அது ஒரு வாரத்துக்கு மேற்படக்கூடாது, அப்போது குறைந்தது பாதிச் சம்பளம் தரவேண்டும். இறுதிச் சம்பளத்தைக் கடைசி வேலைநாளிலேயே, முடியாவிட்டால் மூன்று வேலைநாள்களுக்குள் கொடுத்துவிடவேண்டும்.

மேல்முறையீடு பற்றிய பத்திதான் ஊழியருக்கு அதிக இழப்பை உண்டாக்கக்கூடியது. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்வது அதன் சொந்த விதிமுறைப்படி கிடைக்கும் வாய்ப்பு. யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த அடிப்படையில் முறையிடலாம் என்பதைக் கடிதம் சொல்லவேண்டும்; முறையீட்டைக் கேட்பவர் விசாரணைக் குழுவில் இருந்தவராக இருக்கக்கூடாது. முறையற்ற பணிநீக்கம் என்று வெளியே கோரிக்கை எழுப்புவது இதிலிருந்து வேறு. டாடெம் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முத்தரப்பு அமைப்பிடம், கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யவேண்டும். அங்கே சமரசப் பேச்சில் தீர்வு வராவிட்டால் விவகாரம் வேலை உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும்.

நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதால் அந்த ஒரு மாதம் நீள்வதில்லை. கடைசி வேலைநாள் மார்ச் 14 என்றும், நிறுவனம் தன் பதிலை ஏப்ரல் 20இல்தான் தருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் பாதகமாக வரும்போது வெளியே போகும் காலம் கடந்துபோயிருக்கும். ஆகவே நான் பார்க்கும் கடிதங்களில், “இந்த மேல்முறையீடு வெளியில் கோரிக்கை எழுப்புவதற்கான ஒரு மாதக் காலக்கெடுவை நிறுத்திவைக்காது” என்ற வரியைச் சேர்க்கச் சொல்கிறேன்; நிறுவனம் தன் பதிலை இரண்டு வாரத்துக்குள் தந்துவிடும் என்ற உறுதிமொழியையும் கேட்டு வாங்குகிறேன். கடிதத்தைப் பெறும் ஊழியர், அந்த வரி அதில் இல்லாவிட்டாலும், நிறுவனத்திடம் முறையிட்டிருக்கும்போதே டாடெம்மிலும் பதிவு செய்துகொள்ளலாம்.